14 கேள்விகளில் தங்கியவை ஆறு

பழைய புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டும் பைண்டிங் வேலையைக் கற்றுத்தர நண்பர்கள் சேர்ந்து ஒருநாள் பயிலரங்கு நடத்தினோம். காலையில் 10 பேர், மாலையில் 10 பேர். பதிவுப் படிவம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேறொரு நிகழ்ச்சியின் படிவத்தை அப்படியே எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினேன். மொத்தம் 14 கேள்விகள்.

வெளியிடுவதற்கு முன்பு தோழி ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து நிரப்பச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் கேள்வியிலேயே கை நின்றது. ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுபவர் எதை எங்கே போடுவார்? அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டு, பிறகு அழித்தார். பிறந்த தேதிக்கு வந்தபோது நாட்காட்டி நடப்பு மாதத்தில் திறந்தது. மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனவர், நிமிர்ந்து, “இது எதற்கு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று விஷயங்களைக் குறித்தேன்: இந்தப் பதிலை யார் பார்ப்பார், எந்த நாளில், பார்த்து என்ன செய்வார். முகவரிக்கு எதிரில் எழுத எதுவும் இல்லை; நாங்கள் யாருக்கும் எதுவும் அனுப்பப் போவதில்லை. தொழில், பாலினம், எப்படிக் கேள்விப்பட்டீர்கள், ஏன் கலந்துகொள்கிறீர்கள், பிற கருத்துகள் எல்லாம் அப்படியே விழுந்தன. செய்தி அனுப்பக் கைபேசி எண் போதும் என்பதால் மின்னஞ்சலும் போனது. முன் அனுபவமும் நீங்கியது, ஏனென்றால் எல்லோருக்கும் ஊசியில் நூல் கோப்பதிலிருந்துதான் தொடங்குவதாக இருந்தோம்.

பிறந்த தேதியில்தான் அதிக நேரம் யோசித்தேன். அட்டை வெட்டுவது கூர்மையான கத்தியால் என்பதால், சிறுவர்கள் வருகிறார்களா என்பது தெரிந்தாக வேண்டும். ஆனால் அதற்குத் தேதி வேண்டியதில்லை. ‘பங்கேற்பவர் 18 வயதுக்குக் குறைந்தவரா?’ என்று கேட்டு, ‘ஆம்’ என்றால் மட்டும் பெற்றோரின் எண் கேட்கும்படி அமைத்தேன். அவசரத் தொடர்பு எண் தேவைதான், ஆனால் பயிலரங்கு நாளில் மட்டும். அதைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, வாசலில் சிறிய அட்டையில் எழுதி வாங்கி, மாலையில் அவரவரிடமே திருப்பிக் கொடுத்தோம்.

கைபேசி எண்ணில் ஒரு சிக்கல் வந்தது. சோதனைக்காகப் பூஜ்யத்தில் தொடங்கும் எண் ஒன்றை நிரப்பிப் பார்த்தேன். பட்டியலை விரிதாளில் திறந்தபோது முதல் பூஜ்யம் காணாமல் போயிருந்தது. விரிதாள் அதைத் தொலைபேசி எண்ணாகக் கருதாமல், கூட்டிக் கழிக்கும் எண்ணாக எடுத்துக்கொண்டது. அந்தப் பத்தியை ‘உரை’ என்று மாற்றி, மறுபடி பதிவு செய்து பார்த்த பிறகே நிம்மதியானேன்.

உடல்நிலை பற்றிக் கேட்பதா என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. நோயின் பெயர் தெரிந்தால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் செய்ய முடியும். அதனால், ‘நீங்கள் வசதியாகக் கலந்துகொள்ள நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?’ என்று எழுதி, கட்டாயமில்லை என்று குறிப்பிட்டேன். ஒருவர், ‘சாய்மானம் உள்ள நாற்காலி’ என்று எழுதினார். ஸ்டூல்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டோம்.

பெயர், கைபேசி எண், காலையா மாலையா, வயது, ஏற்பாடு. ஐந்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பைண்டிங் கற்றுத்தரும் பெரியவரிடம் காட்டியபோது, “எந்தக் கையால் வெட்டுவார்கள் என்று கேட்கவில்லையே, தம்பி?” என்றார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் சாதாரணக் கத்தரிக்கோலைப் பிடித்தால் அலகுகள் விலகித் துணி மடங்கும். வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். அவர்களைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை வேறு இடிக்கும். ஏற்பாடு பற்றிய கேள்வியில் இதை யாரும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது பழகிப்போன சிரமம். ஆறாவது கேள்வியாகச் சேர்த்தேன்.

20 பேரில் மூன்று பேர் ‘இடது கை’ என்று குறித்திருந்தார்கள். இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டுதான் கிடைத்தது. இருவர் காலையிலும் ஒருவர் மாலையிலும் பதிவு செய்திருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது.