அப்பா தவறிய அன்று மேலாளருக்கு எழுதிய விடுப்புக் கடிதம்

விடியற்காலை 4.40க்கு அண்ணன் கூப்பிட்டார். அப்பா போய்விட்டார். திருச்சி விமானம் காலையிலேயே இருந்தது. பையில் துணியைத் திணித்துவிட்டு, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் டாக்சியில் உட்கார்ந்துதான் மேலாளருக்கு எழுதினேன்.

முதலில் எழுதியது நீண்டுவிட்டது. அப்பாவுக்கு எப்போது மூச்சு முட்டியது, எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருந்தார்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்" என்று வேறு எழுதியிருந்தேன். அந்த வரியைப் பார்த்ததும் கை நின்றது. பாட்டி இறந்தபோது, முன்பு வேலை பார்த்த இடத்துக்கும் அப்படித்தான் எழுதினேன். சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் நேரத்தில், ஒரு இன்வாய்ஸ் எங்கே என்று கேட்டுப் போன் வந்தது. இன்றும் அது மனசில் உறுத்துகிறது.

எல்லாவற்றையும் அழித்தேன். சிங்கப்பூர் வேலைச் சட்டத்தில் துக்க விடுப்பு கட்டாயமில்லை. வேலை ஒப்பந்தத்தில் இருப்பதுதான் கணக்கு. என் ஒப்பந்தத்தில் பெற்றோருக்கு 3 நாள். எனக்கு வேண்டியிருந்ததோ ஐந்து வேலை நாள். ஐந்தையும் துக்க விடுப்பு என்று கேட்காமல் பிரித்தே கேட்டேன். ஆங்கிலத்தில் அனுப்பியதன் தமிழ் இது:

"என் தந்தை இன்று அதிகாலை ஊரில் காலமானார். இறுதிச் சடங்குக்காக இப்போது கிளம்புகிறேன். செவ்வாய் முதல் வியாழன் வரை துக்க விடுப்பும், வெள்ளி, திங்கள் இரு நாள் ஆண்டு விடுப்பும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செவ்வாய் வேலைக்கு வருவேன். இன்றும் நாளையும் என்னால் பேச இயலாது. வியாழன் முதல் வேலை நாட்களில் சிங்கப்பூர் நேரம் இரவு 8.30 முதல் 9.30 வரை வாட்ஸ்அப்பில் அழைக்கலாம். அவசர வேலையைப் பக்கத்து மேசை அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இறப்புச் சான்றிதழைப் பிறகு தருகிறேன்."

அக்காவிடம் கேட்டு அவர் சரி என்ற பிறகுதான் அந்த வரியைச் சேர்த்தேன். நேரத்தையும் யோசித்தே வைத்தேன். புதன் காலை எடுப்பு, வியாழன் காலை பால் தெளிப்பு. சிங்கப்பூரைவிட ஊர் இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் இரவு 8.30 என்பது அங்கே மாலை 6 மணி. துக்கம் கேட்க வருகிறவர்கள் கிளம்பிப்போய் வீடு கொஞ்சம் அடங்கும் நேரம். "சிங்கப்பூர் நேரம்" என்று போடாமல் விட்டிருந்தால் மேலாளர் அதை ஊர் நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். வாட்ஸ்அப் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு: ஊரில் இறங்கியதும் சிங்கப்பூர் சிம்மைக் கழற்றி உள்ளூர் சிம் போடுவது என் வழக்கம், வாட்ஸ்அப் மட்டும் பழைய எண்ணிலேயே ஓடும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. தேதி முடிவாகாததால் அதை இதில் எழுதவில்லை. திரும்பி வந்த பிறகு தனியாகக் கேட்டேன்.

விமானத்தில் ஏறுவதற்குள் பதில் வந்தது: ஆழ்ந்த அனுதாபம், விடுப்பு சரி, போய் வாருங்கள். அந்த வாரம் ஒரே ஒரு அழைப்புதான், வெள்ளிக்கிழமை 8.40க்கு. இரண்டு நிமிடத்தில் பேசி வைத்துவிட்டு, திண்ணையில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.