அறுநூற்றைம்பதா, அறுநூற்றுப் பதினைந்தா: போனில் வந்த ஏழு நாள் இங்கிலீஷ்

கோயிலைச் சுற்றி இருக்கிற ஒரு தெருவில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. மார்கழி வந்தால் வெளிநாட்டுக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் தெருவை நிறைத்து நடப்பார்கள். அவர்களிடம் என் வியாபாரம் முழுக்கக் கால்குலேட்டரால்தான். விலையை அடித்துக் காட்டுவேன். அவர்கள் தலையாட்டினால் சேலை, ஆட்டாவிட்டால் அடுத்தவர்.

போன மார்கழியில் ஒரு நாள் கால்குலேட்டர் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒரு வெளிநாட்டு அம்மாவிடம் 650 ரூபாய்ச் சேலைக்கு 'சிக்ஸ் ஃபிஃப்டி' என்று வாயால் சொன்னேன். அந்த அம்மா 615 எண்ணி வைத்தார். நான் திரும்பவும் 'சிக்ஸ் ஃபிஃப்டி' என்றேன். அவர் ரூபாயைத் திரும்ப எண்ணி, சரியாகத்தானே இருக்கிறது என்று காட்டினார். கூட இருந்தவர் முகம், ஏமாற்றுகிற கடை போல என்று மாறியது. 35 ரூபாய் போனது பெரிதில்லை, அந்தப் பார்வைதான் பொறுக்கவில்லை.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா மகள் சிரித்தாள். அவள் இங்கிலீஷ் சொல்லித்தருகிற வேலையில் இருப்பவள். "மாமா, ஒரு வாரம் தினம் காலையில வாட்ஸ்அப்ல பாடம் அனுப்புறேன். பக்கத்துக் கடைக்காரங்களையும் சேருங்க" என்றாள். பித்தளைக் கடை அண்ணன், வளையல் கடை அக்கா, தையல்காரர், ஜிகர்தண்டா கடைத் தம்பி, நான் என்று ஐந்து பேர் சேர்ந்தோம்.

முதல் நாளே இரண்டு பேருக்குப் பாடம் வரவில்லை. அவள் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பியிருந்தாள். யார் போனில் அவள் நம்பர் சேமித்திருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் அது போகுமாம். பித்தளைக் கடை அண்ணனும் தையல்காரரும் நம்பரைச் சேமிக்கவே இல்லை. வந்த மூன்று பேரும் ஒழுங்காகக் கேட்டோமா என்றால் அதுவும் இல்லை. மூன்று நிமிடத்துக்குக் குரல் பதிவு, எட்டு வாக்கியம். கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ போடுகிற நேரத்தில் யாருக்கு மூன்று நிமிடம் இருக்கிறது? ஜிகர்தண்டாத் தம்பி பதிவைத் தொடவே இல்லை. கேட்டுவிட்டால் அனுப்பியவர் போனில் அந்த மைக் படம் நீலமாகிவிடும், அதனால் பொய் சொல்லவும் முடியாது. அடுத்த நாளிலிருந்து முக்கால் நிமிடம், மூன்றே வாக்கியம், ஒன்பதே முக்காலுக்கு என்று மாற்றினாள். கேட்டதும் அதில் ஒரு வாக்கியத்தை நம் குரலில் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் ஒரே ஒரு திருத்தம் சொல்வாள், இரண்டாவது தப்பைக் கேட்டும் கேட்காத மாதிரி விட்டுவிடுவாள்.

வளையல் கடை அக்கா மட்டும் இரண்டு நாளாக, "உன் மருமக ரொம்ப வேகமாப் பேசுறா தம்பி, ஒண்ணும் புரியல" என்று குறைப்பட்டுக்கொண்டார். போனை வாங்கிப் பார்த்தால் பதிவு 2x வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ கை பட்டு மாறியிருக்கிறது.

பாடத்தை எழுத்திலும் சேர்த்து அனுப்பச் சொன்னது நான்தான். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது, அதனால் தமிழில் எழுதி அனுப்பினாள். அதில் ஒரு வம்பு இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. சாயச் சேலைக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம்: 'வாஷ் இன் கோல்ட் வாட்டர்.' நம்ம பஜாரில் கோல்ட் என்றால் கோல்ட் கவரிங் நகைதான். நானும் அதே மாதிரி, தங்கத்துக்குச் சொல்கிற கோல்டாகவே சொல்லிப் பதிவு அனுப்பினேன். "மாமா, தங்கத் தண்ணியில துவைக்கச் சொல்றீங்க" என்று பதில் வந்தது. பச்சைத் தண்ணீருக்கான சொல்லில் முதல் எழுத்து 'கல்' என்பதில் வருகிற க. தங்கத்துக்கானதில் 'அங்கே' என்பதில் வருகிற க. இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து, நமக்கு ஒரே எழுத்து. பையைச் சொல்வதும் முதுகைச் சொல்வதும் தமிழில் எழுதினால் ஒரே 'பேக்'தான். அதன்பிறகு எழுத்தை ஞாபகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். சொல்கிற விதத்துக்குக் காதுதான்.

எண் பாடம் மூன்றாம் நாள் வந்தது. என் 35 ரூபாய்க்காகவே அவள் அதைத் தனியாகத் தயார் பண்ணியிருந்தாள். நாம் தமிழ் பேசும்போது ஒரு சொல்லின் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ஐம்பதைச் சொல்லும்போது கடைசியை இழுத்து 'ஃபிஃப்டீ' என்று விடுகிறோம். கேட்கிறவர் காது அங்கே இல்லாத ஒரு 'ன்'னைத் தானே சேர்த்துக்கொள்கிறது. அவர்கள் கடைசி எழுத்தைவிட, எங்கே அழுத்தம் விழுகிறது என்பதைத்தான் பிடிக்கிறார்களாம். பதினைந்துக்கு அழுத்தம் பின்னால், நீளமாக: 'ஃபிஃப்-டீன்'. ஐம்பதுக்கு அழுத்தம் முன்னால், பின்பாதி வெட்டின மாதிரி குட்டையாக: 'ஃபிஃப்-டி'.

அவள் கொடுத்த பயிற்சி இது. மேஜையில் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். ஐம்பது என்றால் முதல் அசைக்குப் பலமாகத் தட்டு, இரண்டாவதுக்கு விரலால் தொட்டால் போதும். பதினைந்து என்றால் அப்படியே தலைகீழ். நானும் பித்தளைக் கடை அண்ணனும் மத்தியான வெயிலில் ஆள் இல்லாத நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தட்டினோம். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டதைத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். முதல் பத்தில் அண்ணன் சொன்னதில் நாலை நான் தப்பாக எழுதினேன். தமிழனுக்குத் தமிழன் சொல்லியே இந்தக் கதி என்றால் அந்த அம்மா 615 எண்ணியதில் என்ன தப்பு?

சாயங்காலமே இன்னொரு சின்னப் பதிவு வந்தது. எவ்வளவு பழகினாலும் அவசரத்தில் வாய் பழசுக்குப் போகும், அதனால் விலையைச் சொன்ன கையோடு இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிட வேண்டும்: 'சிக்ஸ் ஃபிஃப்டி. சிக்ஸ், ஃபைவ், ஜீரோ.' அதற்கு அப்புறம்தான் கால்குலேட்டர். இரண்டு சேலை என்றால் 1300. அதைத் 'தர்ட்டீன் ஹண்ட்ரட்' என்று சொல்லாமல் 'ஒன் தவுசண்ட் த்ரீ ஹண்ட்ரட்' என்று சொல்லச் சொன்னாள். பதிமூன்றுக்கும் முப்பதுக்கும் அதே தகராறுதான், இதில் சறுக்கினால் 35 ரூபாயோடு போகாது.

நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்த இங்கிலீஷ்தான் அடுத்த ஆச்சரியம். இத்தனை வருஷமாக 'கவர் வேணுமா' என்பதை 'யூ வாண்ட் கவர்?' என்று கேட்டு வந்திருக்கிறேன். அவர்களுக்குக் கவர் என்றால் மூடி, உறை, போர்வை. கையில் பிடித்துப் போகிற பைக்கு அந்தப் பெயர் நம்மூர் வழக்கம்தானாம். 'பேக்' என்று கேட்கச் சொன்னாள். மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினால் இன்னும் நல்லது, வாக்கியமே வேண்டாம். அதே மாதிரி 'வாட் யூ வாண்ட்?' நாம் மரியாதையாகத்தான் கேட்கிறோம். அவர்கள் காதில் அது 'உனக்கென்னய்யா வேணும்' என்று விழுகிறது. 'கேன் ஐ ஹெல்ப் யூ?' என்று மாற்றிக்கொண்டோம். தையல்காரர் மட்டும் கடைசி வரை மாறவில்லை. அவரிடம் சட்டையைக் கொண்டுவந்து இதே மாதிரி தைக்கச் சொல்பவர்களுக்குக் கேள்வியே தேவையில்லை, 'ரெடி அட் சிக்ஸ்' போதும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

'கேன் ஐ ஹெல்ப் யூ' என்று நான் கேட்க, வருகிறவர்கள் 'ஜஸ்ட் லுக்கிங்' என்றார்கள். இது பாடத்தில் இல்லை. லுக்கிங் என்றால் பார்க்கிறார்கள், அப்படியென்றால் காட்ட வேண்டும் என்று நான் பத்துச் சேலையை உதறி விரித்தேன். நம்ம பஜார் முறை அதுதானே. அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ராத்திரி கேட்டபோதுதான் சொன்னாள்: "சும்மா பாக்குறேன், விடுங்கன்னு அர்த்தம் மாமா. 'ப்ளீஸ் லுக்'னு சொல்லிட்டு ரெண்டு அடி தள்ளி நில்லுங்க." தள்ளி நிற்பதுதான் இந்த வாரத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமான பாடம். கை தானாகச் சேலைக்குப் போகிறது.

இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. நாம் சொல்ல வேண்டியதைக் கற்றுக்கொள்கிறோம், எதிராளி என்ன பேசுவார் என்பது நம் கையில் இல்லை. அவள் அதற்கு 'ஸ்லோலி, ப்ளீஸ்' என்று ஒன்று கொடுத்தாள். அதைச் சொன்னால் பாதிப் பேர் மெதுவாகப் பேசினார்கள், மீதிப் பேர் அதே வேகத்தில் சத்தமாகப் பேசினார்கள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கணவன் மனைவி இருவர் வந்தார்கள். கேட்டேன், 'ஜஸ்ட் லுக்கிங்' என்றார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே ஒரு சேலையில் புள்ளியைத் தடவி, 'ஹேண்ட்மேட்?' என்றார். அது அச்சுச் சேலை. 'நோ. பிரிண்ட்' என்று உண்மையைச் சொல்லி, உள்ளேயிருந்து கையால் முடிச்சுப் போட்ட ஒன்றை எடுத்து வந்தேன். புள்ளி ஒவ்வொன்றும் ஒரே அளவில் இல்லாததையும், நூல் கட்டிய இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்பதையும் காட்டினேன். 'ஒன் டாட், ஒன் நாட். பை ஹேண்ட்' என்றேன். அதன் விலையைக் கேட்டுவிட்டு அச்சிலேயே இரண்டு எடுத்துக்கொண்டார்கள். போகட்டும்.

'சிக்ஸ் ஃபிஃப்டி. சிக்ஸ், ஃபைவ், ஜீரோ. டூ சேரீஸ், ஒன் தவுசண்ட் த்ரீ ஹண்ட்ரட்.' கால்குலேட்டர் மேஜையிலேயே இருந்தது. சரியாக 1300 எண்ணினார்கள். பச்சைத் தண்ணீரில், தனியாக, முதல் தரம் கொஞ்சம் சாயம் போகும் என்பது வரை சொல்லிவிட்டேன். அப்போது அந்த அம்மா, 'வில் இட் ஷ்ரிங்க்?' என்றார். புரியவில்லை. 'ஸ்லோலி, ப்ளீஸ்.' மெதுவாகச் சொன்னார், அப்போதும் புரியவில்லை. கடைசியில் இரண்டு கையையும் அகலமாக வைத்துக் கிட்டே கொண்டுவந்து காட்டினார். துவைத்தால் சுருங்குமா என்கிறார்! பருத்தி சுருங்காமல் இருக்குமா? விரலிடுக்கில் காட்டி, 'லிட்டில்' என்றேன். சிரித்துவிட்டு வாங்கிப் போனார்கள், மஞ்சப்பையோடு.

அந்த 'ஷ்ரிங்க்' என்ற சொல்லை உடனே குரல் பதிவாக மற்ற நாலு பேருக்கும் அனுப்பினேன், நானே பாடம் நடத்துகிற தோரணையில். முதல் பதில் பித்தளைக் கடை அண்ணனிடமிருந்து வந்தது: "தம்பி, நம்ம குத்துவிளக்குக்கு இது வேண்டியதில்ல."