குஞ்சு ஆமையின் குடலும் ஒரு முழத் தங்கூசியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடலாமைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மையம் ஒன்றில் பணியாற்றுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை, கடலில் சேரும் பிளாஸ்டிக் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுமாறு கேட்டார். திமிங்கிலம் முதல் கடற்பறவை வரை அனைத்தையும் தொட்டுச் செல்வதைவிட, நான் அன்றாடம் கையில் ஏந்தும் பெருந்தலை ஆமைக் குஞ்சுகளைப் பற்றி மட்டும் பேசுவதே நல்லது என்று எனக்குத் தோன்றியது.

இக்குஞ்சுகள் குவாசுலு-நட்டாலின் வடகோடிக் கடற்கரையில், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் முட்டையிலிருந்து வெளிவந்து, நேரே கடலுக்குள் இறங்கி, அகுல்காஸ் நீரோட்டத்தோடு தெற்கே மிதந்து செல்கின்றன. அந்த வயதில் அவற்றால் ஆழத்துக்கு மூழ்க இயலாது. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் சிறு உயிரினங்களே அவற்றின் உணவு. காற்றும் நீரோட்டமும் அந்த உயிரினங்களைத் திரட்டிச் சேர்க்கும் அதே வரிசைகளில் பிளாஸ்டிக் துண்டுகளையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. சில வாரங்கள் கடலில் கிடந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிரிகளும் படிந்துவிடுவதால், அதிலிருந்து எழும் வாடையும் ஆமைக்கு இரையின் வாடையாகவே படுகிறது. ஆகவே, ஆமை கண்ணை மட்டும் நம்பி ஏமாறுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வது பாதி உண்மைதான்.

விழுங்கியதை அது எளிதில் கக்கவும் முடியாது. கடலாமையின் உணவுக்குழாய் முழுவதும் வயிற்றை நோக்கிச் சாய்ந்த முட்கள் நிறைந்திருக்கும். இரையோடு புகுந்த உப்புநீரை வெளியே தள்ளும்போது இரை நழுவாமல் பிடித்து வைக்கும் அமைப்பு அது. இரைக்கென அமைந்த அந்த ஏற்பாடே பிளாஸ்டிக்கையும் உள்ளே இருத்திவிடுகிறது. 2015 ஏப்ரலில் தென்முனைக் கடற்கரைகளில் ஒதுங்கி, இரண்டு மாதங்களுக்குள் இறந்த 40 குஞ்சுகளை ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்தபோது, 24 குஞ்சுகளின் உடலில் பிளாஸ்டிக் இருந்தது. அவற்றுள் 11 குஞ்சுகள் அதனாலேயே இறந்திருந்தன. ஓடு 9 செ.மீ. நீளம்கூட இல்லாத உடலில் குடலை அடைக்க ஒரு சிறு துண்டே போதும்.

எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். பெரும்பாலான பிளாஸ்டிக் எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை. அடைப்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும் வாயுதான் கருநிறத்தில் தெரியும். அதனால் நாங்கள் ஆமையின் நடத்தையைக் கவனிக்கிறோம். உடல் ஒரு பக்கமாகத் தூக்கி மிதக்கிறதா, மூழ்க முயன்று முடியாமல் மேலே வருகிறதா, இரையைத் தொடாமல் விலகுகிறதா என்று பார்ப்போம். ஒவ்வொரு குஞ்சையும் தனித் தொட்டியில் வைத்து, அதன் நீரை வடிகட்டி, கழிவில் வெளிவரும் துண்டுகளை எடுத்துக் காயவைத்து எடை பார்ப்போம். உடலுக்கு நீர்ச்சத்து ஏற்றி, குளிர்ந்த உடலைச் சிறுகச் சிறுகச் சூடேற்றி, இரை எடுக்க வைத்தால் துண்டுகள் தாமாகவே வெளிவரலாம். அதற்கு வாரக் கணக்கிலும் ஆகலாம். குடல் முற்றிலும் அடைபட்டுவிட்டால் அவ்வளவு காலம் ஆமை தாங்காது.

தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பான தங்கூசி இன்னொரு வகைத் தீங்கு. கரையில் நின்று தூண்டில் போடும் தந்தையரின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு அது. அறுந்த நரம்பை அவர்கள் நன்கு அறிவார்கள். அது ஆமையின் துடுப்பு போன்ற காலில் சுற்றிக்கொண்டால், ஆமை நீந்த நீந்த இறுகித் தோலை வெட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. நாளடைவில் துடுப்பு அழுகுகிறது. அதையே விழுங்கினாலோ, ஒரு முனை எங்கோ மாட்டிக்கொள்ள, இரையை நகர்த்த முயலும் குடல் நாடா கோத்த பாவாடை இடுப்பைப் போல நரம்பின் மேல் சுருங்கி மடிகிறது. வளர்ந்த ஆமை ஒன்று ஏறத்தாழ ஒரு முழ நீளத் தங்கூசி பின்புறத்தில் தொங்க எங்களிடம் வந்தது. அதைப் பிடித்து இழுத்திருந்தால், இறுகிய நரம்பு குடற்சுவரையே அறுத்திருக்கும். மருத்துவர் வெளியே தெரிந்த பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, மீதியைக் குடல் தானாகத் தள்ளுகிறதா என்று காத்திருந்தார். தள்ளாவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. இந்த ஆமைக்கு அது தேவைப்படவில்லை.

“அப்படியானால் கரையில் ஆமையைப் பார்த்தால் நான் என்ன செய்ய வேண்டும், ஆன்ட்டி?” என்று பின்வரிசைச் சிறுவன் ஒருவன் கேட்டான். சுற்றியிருப்பதை இழுக்காதே, வாயிலோ பின்புறத்திலோ தொங்கும் நரம்பைத் தொடாதே, இரக்கப்பட்டு மீண்டும் கடலில் விடாதே என்றேன். கரை ஒதுங்கும் குஞ்சு பெரும்பாலும் குளிரில் சோர்ந்து, நீந்த வலுவற்றுத்தான் வருகிறது. காற்றுத்துளை இட்ட அட்டைப் பெட்டியில், நீர் ஊற்றாமல், உலர்ந்த துண்டின் மேல் வைத்து, கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு மையத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பெரிய ஆமையாக இருந்தால் தூக்க முயலாமல், நாய்களும் கூட்டமும் நெருங்காதபடி பார்த்துக்கொண்டு எங்களை அழைத்தால் போதும்.