வெளி வில்லின் சிவப்பு

ஜூலை 9, தென்காசி

சாரல் விட்டு மேற்கே வெயில் அடித்தது. மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் கிழக்கே இருந்த வானவில்லைப் படமெடுத்தேன். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு வில்தான். இரவில் படத்தின் மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால், அதற்கு வெளியே மங்கலாக இன்னொன்று! உள் வில்லில் சிவப்பு வெளி ஓரத்தில் இருக்க, இதில் உள் ஓரத்தில் இருக்கிறது.

ஜூலை 10

அக்கா மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "ஜன்னல் கண்ணாடி வழியா எடுத்தீங்களா மாமா?" என்றாள். நல்ல கேள்வி. கண்ணாடியால் இரட்டித்திருந்தால் அதே வில் சற்று நகர்ந்து தெரியும். நிற வரிசை மாறாது. இங்கே வரிசையே தலைகீழ். அதனால் இது வானத்தில் நிஜமாகவே இருந்தது.

ஜூலை 12

இன்று தாளில் வரைந்து பார்த்ததும்தான் விளங்கியது. மழைத்துளிக்குள் நுழைந்து, உட்சுவரில் ஒருமுறை எதிரொளித்து வெளியேறும் சிவப்பு ஒளி, வந்த திசையிலிருந்து ஏறத்தாழ 138 டிகிரி திரும்பியிருக்கும். வந்த வழியே திரும்புவதென்றால் 180. அதற்கு 42 குறைகிறது. நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து அந்த 42 டிகிரி தள்ளித்தான் சிவப்பு தெரிகிறது. ஊதா சிவப்பைவிட அதிகம் வளைவதால் 180ஐ இன்னும் நெருங்கி, ஏறத்தாழ 40 டிகிரியில், அதாவது உள்பக்கம் நிற்கும்.

சில கதிர்கள் துளிக்குள் இருமுறை எதிரொளிக்கின்றன. சிவப்பு மொத்தம் 230 டிகிரி திரும்பி, 180ஐத் தாண்டி 50 போய்விடுகிறது. ஊதா இங்கேயும் கூடுதலாகத்தான் வளைகிறது. ஆனால் தாண்டிய பிறகு கூடுதலாக வளைந்தால் விலகல்தான் கூடும். அது 53க்குப் போகிறது. நிறங்கள் குணம் மாறவில்லை, பாதி வட்டத்தைத் தாண்டியதுதான் வரிசையைப் புரட்டியிருக்கிறது. இதைக் கண்டதும் எனக்கு அப்படியொரு சந்தோஷம்!

மங்கலுக்கும் காரணம் அங்கேதான். ஒவ்வொரு முறை உட்சுவரில் படும்போதும் ஒளியின் பெரும்பகுதி வெளியே போய்விடும். மிஞ்சியதும் உள் வில்லைவிட அகலமான பட்டையில் பரவுகிறது.

ஜூலை 17

மறுபடி மழையும் வெயிலும். இம்முறை வெறும் கண்ணாலேயே இரண்டும் தெரிந்தன. கையை நீட்டி முஷ்டியை வைத்துப் பார்த்தேன். நீட்டிய முஷ்டி சுமார் 10 டிகிரி. இரு சிவப்புகளுக்கும் நடுவே 8 டிகிரிதான் என்பதால் இரண்டையும் மறைத்துவிட்டது. நடுவிலுள்ள வானம் மற்ற இடங்களைவிடக் கறுத்திருந்தது. ஒருமுறை எதிரொளித்த ஒளி 42க்கு உள்ளேயும், இருமுறை எதிரொளித்தது 50க்கு வெளியேயும்தான் நம்மை வந்தடையும். இடைவெளிக்கு இரண்டுமே வராது. இதற்கு அலெக்சாண்டரின் இருள்பட்டை என்று பெயர்.

அப்புறம், படமெடுப்பவர்களுக்கு: போலரைசர் வடிகட்டி போட்டிருந்தால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். வில்லின் ஒளி பெருமளவு ஒரே தளத்தில் அதிர்வதால், தவறான கோணத்தில் அந்தப் பகுதி வில்லே மறைந்துபோகும்.