ஒரே 3,14,000: விளம்பர பட்ஜெட் தேர்வில் நான் தவறவிட்டதும் பிறகு கற்றதும்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி வேலைக்குப் போகிறவர்களுக்கு நேர்காணலுக்கு முன்னால் ஒரு ஷீட் கொடுப்பார்கள். பாதி மாதம் வரைக்குமான தினசரிச் செலவு அதில் இருக்கும். "மாதக் கடைசியில் பட்ஜெட்டைத் தாண்டுமா, மிச்சமாகுமா? இன்றைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். இதைத்தான் பேசிங் தேர்வு என்கிறோம். முதல் தடவை நான் இதில் தோற்றேன். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் முடிவு தலைகீழாக இருந்தது. அந்த ஷீட்டையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

கிளையன்ட், கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம். மாதம் 2025 ஜூன். பட்ஜெட் 3,40,000 ரூபாய். ஜூன் 1 முதல் 15 வரை கூகுள் ஆட்ஸில் ஆன செலவு 1,57,000. நான் போட்ட கணக்கு இதுதான்: 1,57,000ஐ 15ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 3,14,000. பட்ஜெட் 3,40,000. ஆக, 26,000 ரூபாய் மிச்சமாகப் போகிறது, தினசரி பட்ஜெட்டை ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் விடுதியில் இருந்த ஒரு அக்காவிடம் ஷீட்டைக் காட்டினேன். அவர் நான்கு வருடமாக ஏஜென்சியில் கணக்குப் பார்ப்பவர். முதல் வரியிலேயே விரலை வைத்தார்.

"தம்பி, 'ஜிஎஸ்டி உட்பட'ன்னு போட்டிருக்கே, பார்த்தியா?"

பார்த்திருந்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கூகுள் ஆட்ஸ் திரையில் தெரியும் செலவில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 18 சதவீத வரி பில்லில்தான் மேலே ஏறும். எனவே கிளையன்ட் சொன்ன 3,40,000ஐ 1.18ஆல் வகுத்தால்தான் விளம்பரத்துக்கு உண்மையில் இருக்கும் பணம் வரும். அது ஏறக்குறைய 2,88,000. அதே 3,14,000 என்ற கணிப்பை இப்போது இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 26,000 மிச்சம் என்று நான் எழுதிய இடத்தில் 26,000 கூடுதல் செலவு வருகிறது. பட்ஜெட்டை ஏற்றச் சொல்லி நான் எழுதியது எவ்வளவு ஆபத்தான யோசனை என்பது அப்போதுதான் உறைத்தது. தேர்வு எழுதுகிறவர்கள் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பட்ஜெட்டும் செலவும் ஒரே கணக்கில்தான் இருக்கின்றனவா? இரண்டிலும் வரி இருக்க வேண்டும், அல்லது இரண்டிலும் இருக்கக்கூடாது.

சரி, 26,000 கூடுதல் என்று திருத்தி எழுதியிருந்தால் போதுமா? போதாது. அந்த எண்ணும் தப்புதான்.

பம்ப் வாங்குகிற டீலர்களும் கான்ட்ராக்டர்களும் வேலை நாட்களில்தான் தேடுகிறார்கள். சனி, ஞாயிறு தேடல் விழுந்துவிடும். முந்தைய மாதங்களின் செலவும் ஷீட்டின் இரண்டாவது பக்கத்தில் இருந்தது. அதில் வேலை நாளில் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் வார இறுதி நாளில் ஆகியிருந்தது. எனவே திட்டத்தை நாளுக்கு ஒரே தொகை என்று போடாமல், வேலை நாளுக்கு 3 பங்கு, வார இறுதி நாளுக்கு 1 பங்கு என்று பிரிக்க வேண்டும். அந்த ஜூனில் 21 வேலை நாட்கள், 9 வார இறுதி நாட்கள். மொத்தம் 63 + 9 = 72 பங்கு. 2,88,000ஐ 72ஆல் வகுத்தால் ஒரு பங்கு 4,000. அதாவது வேலை நாளுக்கு 12,000, வார இறுதி நாளுக்கு 4,000.

ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. அதனால் முதல் 15 நாட்களுக்குள் 5 வார இறுதி நாட்கள் வந்துவிட்டன. 10 வேலை நாள், 5 வார இறுதி நாள் என்று பார்த்தால் 15ஆம் தேதி முடிய ஆகியிருக்க வேண்டிய செலவு 1,40,000 தான். மாதத்தில் பாதி நாள் போய்விட்டது என்பதால் பாதிப் பணம், அதாவது 1,44,000, போயிருக்கலாம் என்று நினைப்பது இங்கே பொருந்தாது. மீதி 15 நாட்களில் 11 வேலை நாட்கள் இருக்கின்றன. அதற்கு 1,48,000 தேவை. ஆக, நாம் திட்டத்தைவிட 17,000 முன்னால் ஓடுகிறோம். இதே விகிதம் மாதம் முழுக்கத் தொடர்ந்தால், 1,57,000 ÷ 1,40,000 × 2,88,000 = ஏறக்குறைய 3,23,000. கூடுதல் செலவு 35,000 ஆகிவிட்டது.

அப்புறம் அக்கா கேட்ட கேள்விதான் எனக்கு இந்த வேலையையே புரிய வைத்தது. "அந்தப் பதினேழாயிரம் எந்த நாள்ல ஏறிச்சு?"

மொத்தத்தைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒவ்வொரு நாளின் செலவையும் அந்த நாளின் திட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தேன். 1 முதல் 8 வரை திட்டம் 72,000, செலவும் 72,000. ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. 9 முதல் 13 வரை வேலை நாட்களில் தினமும் 15,000. 14, 15 வார இறுதியில் தினமும் 5,000. திட்டம் 68,000 இருந்த அந்த ஒரு வாரத்தில் செலவு 85,000, அதாவது 1.25 மடங்கு. ஷீட்டின் மூன்றாவது பக்கத்தில் மாற்றங்களின் வரலாறு இருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை. 9ஆம் தேதி யாரோ சராசரி தினசரி பட்ஜெட்டை 9,474இலிருந்து 12,500ஆக ஏற்றியிருக்கிறார்கள்.

இது தெரிந்த பிறகு முதல் எட்டு நாளையும் சேர்த்துச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை. அந்த வேகம் இப்போது இல்லை. இன்று ஓடுகிற வேகம் 1.25. மீதித் திட்டம் 1,48,000ஐ 1.25ஆல் பெருக்கினால் 1,85,000. ஏற்கெனவே ஆனது 1,57,000. மாதக் கடைசியில் 3,42,000. கூடுதல் செலவு 54,000.

ஷீட்டில் 1ஆம் தேதி இரண்டாவது வரியில் தொடங்கி, C பத்தியில் திட்டமும் D பத்தியில் செலவும் இருந்தால் கணிப்பு இப்படி வரும்:

```
=SUM(D2:D16)+SUM(C17:C31)*SUM(D10:D16)/SUM(C10:C16)
```

கடைசி ஏழு நாளை எடுப்பதற்குக் காரணம், அதில் எல்லாக் கிழமைகளும் ஒரு தடவை வந்துவிடும் என்பதுதான். மூன்று நாளை எடுத்தால் எந்த மூன்று நாள் என்பதைப் பொறுத்துக் கணிப்பு ஆடும்.

ஆனால் இந்த 1.25ஐக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டவும் கூடாது. அதே 17,000, பட்ஜெட் மாற்றத்தால் வராமல், ஒரு தொழில் கண்காட்சி நடந்த மூன்று நாட்களில் மட்டும் ஏறியிருந்தால்? கண்காட்சி முடிந்ததும் செலவு திட்டத்துக்குத் திரும்பிவிடும். அப்போது கணிப்பு 2,88,000 + 17,000 = 3,05,000 மட்டுமே. மொத்தச் செலவு ஒன்றேதான், ஆனால் காரணம் மாறினால் விடையில் 37,000 ரூபாய் வித்தியாசம். தேர்வில் வெறும் எண்ணை எழுதாமல் "9ஆம் தேதி பட்ஜெட் ஏற்றப்பட்டது, அது இன்னும் குறைக்கப்படவில்லை, எனவே தொடரும் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதுவது இதற்காகத்தான்.

இன்னொரு சின்னப் பொறி. 16ஆம் தேதி வரியில் 3,100 என்று இருந்தது. அது காலை 11 மணி வரைக்குமான செலவு. அதையும் சேர்த்து 16ஆல் வகுத்தால் 3,14,000 என்ற நேர்கோட்டுக் கணிப்பு 3,00,000க்குப் பக்கத்தில் இறங்கி, பரவாயில்லை என்று தோன்ற வைக்கும். முடியாத நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கூகுளே நிறுத்திவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வரம்பு உண்டு. ஒரு நாளில் சராசரி தினசரி பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை செலவாகலாம், மாதத்துக்கு அதன் 30.4 மடங்குக்கு மேல் வசூலிக்க மாட்டார்கள். 9,474 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்பதும் இதில் புரியும், 2,88,000ஐ 30.4ஆல் வகுத்திருக்கிறார்கள். 30ஆல் வகுத்து 9,600 வைத்திருந்தால் வரம்பு 2,91,840 ஆகியிருக்கும், கிளையன்ட் பணத்தை 3,840 தாண்ட வழி திறந்துவிடும். ஆனால் நடுமாதத்தில் பட்ஜெட்டை மாற்றினால் வரம்பும் மாறும். அதுவரை ஆன செலவோடு, புதிய தினசரி பட்ஜெட் × மீதி நாட்கள் சேரும். இங்கே 72,000 + 12,500 × 22 = 3,47,000. நம் கணிப்பான 3,42,000 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கூகுள் நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

நிறுத்துவது எப்படி? கையில் இருப்பது 2,88,000 − 1,57,000 = 1,31,000. மீதி 15 நாள். கூகுளில் வைக்க வேண்டிய சராசரி தினசரி பட்ஜெட் 8,733. இங்கே 30.4 வராது, நடுமாத மாற்றம் என்பதால் மீதி நாட்களால்தான் வகுக்க வேண்டும். ஆனால் நாம் தினமும் ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டம் அந்த 8,733 இல்லை. 1,31,000ஐப் பழைய 3:1 பங்கிலேயே பிரித்தால் வேலை நாளுக்கு ஏறக்குறைய 10,600, வார இறுதி நாளுக்கு 3,500 வரும். பழைய திட்டத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், 12,000 செலவான நாளைப் பார்த்து "சரியாகப் போகிறது" என்று ஏமாந்துவிடுவோம்.

15,000இலிருந்து 10,600க்கு இறக்குவது பெரிய வெட்டு. பம்ப் வேண்டும் என்று விசாரித்து வருகிறவர்கள் குறைவார்கள், ஏன் என்று கிளையன்ட் கேட்பார். அதனால் வெட்டுவதற்கு முன்னால் 9ஆம் தேதி ஏற்றச் சொன்னது கிளையன்ட்தானா, கூடுதல் பணம் தர ஒப்புக்கொண்டாரா என்று கேட்டுவிடுங்கள் என்றார் அக்கா. ஒப்புக்கொண்டிருந்தால் திருத்த வேண்டியது பட்ஜெட் எண்ணைத்தான், கேம்பெய்னை இல்லை.

கடைசி வரியாக அவர் என்னை எழுத வைத்தது இது: "19ஆம் தேதி காலை மறுபடி பார்ப்பேன். 18 முடிய 1,88,800 இருக்க வேண்டும்." 16, 17, 18 மூன்றும் வேலை நாட்கள், 1,57,000உடன் 31,800 சேர்கிறது. ஒரு நாளில் 8,733இன் இரண்டு மடங்கான 17,466 வரை போக கூகுளுக்கு அனுமதி இருப்பதால், வேலை நாட்களிலேயே பணம் தீர்ந்து கடைசி வாரம் விளம்பரம் முடங்கிப்போகும் வாய்ப்பு உண்டு. அதை மூன்றாம் நாளே பிடித்துவிடலாம்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு ஏஜென்சியில் தேர்வு எழுதினேன். எண்கள் வேறு, கடைசி வரி மட்டும் இதே மாதிரி, ஒரு தேதியும் ஒரு தொகையும். நேர்காணலில் எதிரே இருந்தவர் தாளைப் புரட்டி அந்த வரியில் நிறுத்தி, "அந்தத் தேதியில் இந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எந்த நாளில் குறைந்தது என்று முதலில் பார்ப்பேன் என்று சொன்னேன்.