விமான டிக்கெட் பில்லில் எது யாருடைய பணம்?

சென்னையில் பதிவு பெற்ற ஒரு கம்பெனிக்கு சென்னை–டெல்லி எகானமி டிக்கெட் ஒன்று போட்டுக் கொடுத்துப் பில் அடிக்கும் சென்னை டிராவல் ஏஜெண்டின் வேலையை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்கு.

டிக்கெட்டைத் திறந்தால் அடிப்படைக் கட்டணம் 5,400 ரூபாய். YQ என்ற குறியீட்டில் எரிபொருள் சர்சார்ஜ் 600. இந்த 6,000 விமான நிறுவனத்தின் வருமானம். அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 300 ரூபாய், K3 என்ற குறியீட்டில் நிற்கும். (எகானமி அல்லாத வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்.) பிறகு P2 என்ற பாதுகாப்புக் கட்டணம் 236, IN என்ற விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் 364. இந்த இரண்டையும் விமான நிறுவனம் பிறருக்காக வசூலித்துக் கொடுக்கிறது. IN தொகை விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறும். எல்லாம் சேர்ந்து 6,900.

இந்த 6,900-ல் ஏஜெண்டுக்கு ஒரு பைசா கூடச் சொந்தமில்லை. வாங்கி அப்படியே கட்டுகிற பணம் அது. ஏஜெண்டின் சேவைக் கட்டணம் 350 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 63. பில்லின் மொத்தம் 7,313. வரிக்குரிய மதிப்பு என்ற கட்டத்தில் வரவேண்டியது 350 மட்டும். சேவைக் குறியீடு 998551. வாடிக்கையாளர் தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர் என்பதால் 31.50 மத்திய வரி, 31.50 மாநில வரி என்று பிரியும். அவர் பதிவு பெங்களூரில் இருந்தால் 63-ம் ஐஜிஎஸ்டி. விமானம் எங்கிருந்து எங்கே பறக்கிறது என்பது இந்தக் கணக்குக்குள் வராது. பலர் சறுக்குவது இங்கேதான்.

இன்னொரு தவறு, பில்லிங் மென்பொருளில் டிக்கெட்டை ஒரே வரியாக ஏற்றிவிடுவது. 6,900-ம் 350-ம் சேர்ந்து 7,250 ஆகி, அதன் மேல் 1,305 ரூபாய் வரி விழும். விமான நிறுவனம் வாங்கிய K3-க்கு மேலேயே மறுபடி வரி! பில்லின் அடியில் வரித்தொகையைச் சேவைக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள், 0.18 வராவிட்டால் எங்கோ இடறியிருக்கிறது.

வகுத்தால் வராமலும் பில் சரியாக இருக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஜிஎஸ்டி விதி 32(3)-ன்படி, ஏஜெண்ட் விரும்பினால் சேவையின் மதிப்பை உள்நாட்டுப் பயணத்துக்கு அடிப்படைக் கட்டணத்தில் 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் டிக்கெட்டில் மதிப்பு 270, வரி 48.60. ஆனால் இந்த விதியில் அடிப்படைக் கட்டணம் என்றால் விமான நிறுவனம் வழக்கமாகக் கமிஷன் தரும் பகுதி. YQ-க்கும் கமிஷன் உண்டென்றால் 6,000-ஐ எடுக்க வேண்டும். வரி 54 ஆகும். வெளிநாட்டு டிக்கெட்டில் இந்த வழி பெரும்பாலும் கையைக் கடிக்கும்: 40,000 ரூபாய் கட்டணத்துக்கு வரி 720, சேவைக் கட்டணம் 1,500 வாங்கி அதற்கு மட்டும் வரி கட்டினால் 270 தான்.

கமிஷன் வாடிக்கையாளர் தரும் பணமல்ல, விமான நிறுவனம் தருவது. 5,400-க்கு 1 சதவீதம் என்றால் 54 ரூபாய். சேவைக் கட்டணத்துக்கு மட்டும் வரி கட்டும் வழியில் போகிறவர் அதற்கு விமான நிறுவனத்தின் பெயரில் தனி இன்வாய்ஸ் போட்டு 9.72 வரி காட்ட வேண்டும். வாடிக்கையாளர் பில்லில் அதைக் கூட்டுவதற்கு இடமே இல்லை. அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் இருந்தால் தள்ளுபடி என்று தனி வரியாகக் கழியுங்கள். அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்து எழுதினால் டிக்கெட்டும் பில்லும் ஒத்துப்போகாது.

வாங்கும் கம்பெனியின் கணக்காளர் கேட்கும் முதல் கேள்வி, "363 ரூபாய் ஜிஎஸ்டி எடுத்துக்கலாமா?" ஏஜெண்டின் பில்லை வைத்து 63 மட்டுமே உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். 300-க்கு விமான நிறுவனத்தின் இன்வாய்ஸ் வேண்டும். அதுவும் டிக்கெட் போடும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால்தான் அவர்களின் உள்ளீட்டு வரி வரவைக் காட்டும் 2பி அறிக்கையில் விமான நிறுவனத்தின் பெயரில் வந்து விழும். ஏஜெண்ட் தன் எண்ணையே கொடுத்துவிட்டால் 300 தவறான ஆளின் கணக்கில் போய் உட்காரும். பயணம் முடிந்தபின் திருத்துவது பெரும்பாடு.

டிக்கெட்டை ரத்து செய்யும்போது பிரித்துக் காட்டிய பில்லின் அருமை தெரியும். விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி, திரும்பக் கிடைக்காத கட்டணத்தில் வாங்கியிருந்தாலும், பயணி வராமலே போனாலும், P2, IN போன்றவை திரும்ப வர வேண்டும். இங்கே அது 600 ரூபாய். ஒரே வரியில் 6,900 என்று அடித்த பில்லை வைத்துக்கொண்டு அந்த 600-ஐ யாரும் கேட்பதில்லை. சேவைக் கட்டணம் திரும்பாது என்று முன்பே எழுதியிருந்தால் 350-ம் 63-ம் நிற்கும். கமிஷனை விமான நிறுவனம் பின்னால் பிடித்துக்கொள்ளும் என்பதால், 54 ரூபாயை லாபத்தில் எழுதியவர் அதைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.