முன்னால் பெரிதாக நிற்கும் பையைச் சுருக்குவது: செய்முறைத் தேர்வு அனுபவம்

விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பவர்களுக்கு ஃபோட்டோஷாப் செய்முறைத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: ‘படத்தில் முன்னால் உள்ள பொருள் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிகிறது, இயல்பாகத் தோன்றும்படி திருத்துக.’ படித்ததும் பலரின் விரல் Ctrl+T-க்குத்தான் போகும். ஆனால் சுருக்குவது அரை நிமிட வேலை. சுருங்கிய பொருளுக்குப் பின்னால் திறந்துகொள்ளும் இடத்தில்தான் மதிப்பெண் போடுபவரின் கண் போகும். அதனால் எந்தப் பக்கம் எவ்வளவு இடம் திறக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அதற்கேற்பச் சுருக்குவது நல்லது. நான் பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு படத்தைக் கொண்டே சொல்கிறேன்.

ரயில் நிலைய பிளாட்பாரத்தில் ஒரு பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் காலுக்கு முன்னால் தரையில் ஒரு பயணப் பை. செல்போனை மிக அருகில் வைத்து எடுத்த படம். லென்ஸிலிருந்து உள்ள தூரம் பாதியானால் பொருளின் உருவம் இரண்டு மடங்காகும். அதனால் காலைவிட லென்ஸுக்கு நெருக்கமான பை ஊதிப் போய்த் தெரிகிறது. படத்தில் பை 1000 பிக்சல் அகலம், 800 பிக்சல் உயரம். பையின் இடது ஓரத்துக்குப் பின்னால் பையனின் ஷூவும் பெஞ்சின் காலும் மறைந்திருக்கின்றன. வலது பக்கம் வெறும் டைல்ஸ் தரை. மேல் பக்கம் அவனுடைய ஜீன்ஸ், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி.

எவ்வளவு சுருக்குவது? கண் மதிப்பில் இறங்காமல், படத்திலேயே ஓர் அளவுகோல் தேடுங்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முழங்கால் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இந்த மாதிரிப் பை சுமார் 40 சென்டிமீட்டர். படத்தில் முழங்கால் உயரமும் 800 பிக்சல்தான் வந்தது. அப்படியானால் பை காலுக்குப் பக்கத்திலேயே இருந்திருந்தால் 640 பிக்சல்தான் இருக்கும், அதாவது 80 சதவீதம். அதற்குக் கீழே போனால் பை பொம்மை மாதிரி ஆகிவிடும்.

இனிதான் முக்கியமான முடிவு. 80 சதவீதத்துக்குச் சுருக்கினால் பை 800-க்கு 640 ஆகிறது. பழைய பரப்பில் 64 சதவீதத்தைப் புதிய பையே மறைத்துவிடும். நிரப்ப வேண்டியது மீதி 36 சதவீதம்தான். அந்த 36 எங்கே விழ வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. நடுவை மையமாக வைத்துச் சுருக்கினால் நாலு பக்கமும் இடைவெளி வரும், ஷூவும் பெஞ்சு காலும் பாதி வெளியே தெரியும். இல்லாத ஷூவை யார் வரைவது? கீழ் இடது மூலையை மையமாக வைத்தால் இடது ஓரம் அசையாது. ஷூ மறைந்தபடியே இருக்கும். வலது பக்கம் 200 பிக்சல் தரையும் மேலே 160 பிக்சல் ஜீன்ஸும் மட்டும் திறக்கும்.

அந்த ஜீன்ஸையும் குறைக்கலாம். லென்ஸுக்கு அருகில் உள்ள பொருளின் அடி படத்தில் கீழே இருக்கும், தள்ளிப் போகப் போக மேலே ஏறும். நாம் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்த மாதிரிதானே காட்டுகிறோம், அதனால் அதை 60 பிக்சல் மேலே நகர்த்துவது நியாயமே. ஷூவின் அடிமட்டத்தை மட்டும் தாண்டக் கூடாது. இப்போது மேலே திறப்பது 100 பிக்சல். மீதி 60 கீழே தரைக்குப் போய்விட்டது. கஷ்டமான துணியைக் கொடுத்துவிட்டு சுலபமான தரையை வாங்கிக்கொள்கிறோம்.

வேலை வரிசை இப்படி. பையை Pen Tool-ஆல் சுற்றி, பாதையை செலக்‌ஷனாக மாற்றி, Ctrl+J கொடுத்துத் தனி லேயராக்குங்கள். அந்த லேயரை Convert to Smart Object செய்துவிட்டால் பிறகு சதவீதத்தை எத்தனை முறை மாற்றினாலும் தெளிவு கெடாது. Ctrl+T அழுத்தியதும் மேலே உள்ள பட்டையில் ஒன்பது புள்ளிக் கட்டம் இருக்கும்; புதிய பதிப்புகளில் அதன் பக்கத்திலுள்ள சின்னப் பெட்டியை டிக் செய்தால்தான் அது வேலை செய்யும். கீழ் இடது புள்ளியைச் சொடுக்கி, அகலமும் உயரமும் இணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, W-வில் 80% கொடுங்கள்.

நிரப்புவதற்குப் பழைய பையின் வடிவம் வேண்டும். அதனால் சுருக்குவதற்கு முன்பே பை லேயரின் சிறுபடத்தை Ctrl வைத்துச் சொடுக்கி, Select > Modify > Expand-இல் 10 பிக்சல் விரித்து, Save Selection செய்து வைத்துக்கொள்ளுங்கள். விரிக்காமல் விட்டால் பழைய பையின் ஓரம் நூல் மாதிரி ஒரு கோடாகத் தரையில் நிற்கும். பையின் பழைய நிழலையும் லாசோவால் இதே செலக்‌ஷனில் சேர்த்துவிட வேண்டும். பை போய் நிழல் மட்டும் நின்றால் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மொத்த இடைவெளியையும் ஒரே தடவையில் நிரப்பச் சொல்லாதீர்கள். தரையில் ஜீன்ஸ் முளைக்கும். முதலில் தரைப் பகுதியை மட்டும் தேர்ந்து, கீழே அசல் படத்தின் லேயரில் நின்று, Edit > Content-Aware Fill திறங்கள். பச்சை பூசிய பகுதியிலிருந்துதான் அது மாதிரி எடுக்கும். பையன்மேலும் பெஞ்சின்மேலும் பையின்மேலும் படிந்த பச்சையை பிரஷ்ஷால் அழித்துவிட்டு, Output To-வில் New Layer வையுங்கள். டைல்ஸ் நடுவில் ஓடும் கோடுகள் பெரும்பாலும் உடைந்துதான் வரும். வெளியே தெரியும் கோட்டில் ஒரு துண்டை நகலெடுத்து, அதே சாய்வில் இடைவெளிக்குள் நீட்டிவிடுவது, க்ளோன் ஸ்டாம்பால் தடவிக்கொண்டிருப்பதைவிட வேகமானது.

ஜீன்ஸுக்கு Content-Aware Fill-ஐ நம்பாதீர்கள். மடிப்புகள் குழம்பிவிடும். மறைவில்லாத மற்றொரு காலில் அதே உயரத்திலிருக்கும் துண்டை நகலெடுத்து வைத்து, Warp-ஆல் ஓரத்தைப் பொருத்தி, மாஸ்க்கால் மென்மையாக்குங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வலுவாக வந்தால் அந்தத் துண்டைத் திருப்பிப் போடாதீர்கள், இருட்டுப் பக்கம் மாறிவிடும்.

நிழலுக்கு பைக்கு அடியில் ஒரு புதிய லேயர், Multiply, மென்மையான பிரஷ். நிறத்தைப் பெஞ்சின் நிழலிலிருந்து எடுங்கள். சுத்தக் கறுப்பு தரையில் ஒட்டாது. பை தரையைத் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிசாக, அழுத்தமாக ஒரு கோடு வேண்டும். அது இல்லாவிட்டால் பை மிதக்கும்.

100% பெரிதாக்கத்தில் பாருங்கள். சுருக்கிய பையில் படத்தின் மணல் துகள் போன்ற நாய்ஸும் சேர்ந்து சுருங்கியிருக்கும், பை மட்டும் வழவழவென்று தெரியும். Add Noise-இல் Gaussian, Monochromatic தேர்ந்து 1 அல்லது 2 சதவீதம் கொடுத்தால் போதும். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் வைத்து கான்ட்ராஸ்ட்டை வன்மையாக ஏற்றுங்கள். கண்ணுக்குத் தப்பிய திட்டுகளும் திரும்பத் திரும்ப வந்த டைல்ஸ் கறைகளும் அதில் அம்பலமாகும். திருத்தியபின் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.

கை பெரிதாக உள்ள படமும் பை உள்ள படமும் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பையை எடுங்கள் என்பேன். பை தனியாக நிற்கிறது. கை உடம்போடு ஒட்டியிருக்கிறது. கையை மட்டும் வெட்டிச் சுருக்கினால் மணிக்கட்டில் படி விழும். முழங்கையை மையமாக வைத்து முன்கை முழுவதையும் Warp-ஆல் படிப்படியாக ஒடுக்க வேண்டும். அளவுக்கு முகத்தையே பாருங்கள்: மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரை உள்ள நீளம், முகவாயிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரையிலான நீளத்துக்கு ஏறக்குறையச் சமம். கை கேமராவை நோக்கி நீட்டியிருந்தால் முகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள். பின்னால் இருப்பது கட்டம் போட்ட சட்டையா, வெறும் சுவரா என்பதையும் பார்த்துவிட்டுக் கேள்வியைத் தொடுங்கள்.